மனநலக் கையேட்டைத் தமிழாக்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் உள்ள ஒரு மனநலக் கையேட்டைத் தமிழுக்குக் கொண்டுவருபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளும் அதற்கான என் பதில்களும் இங்கே. எடுத்துக்காட்டுக்கு மனச்சோர்வு பற்றிய ஒரு சிறு கையேட்டை வைத்துக்கொள்கிறேன். மருத்துவமனையில் காத்திருக்கும்போது கையில் கிடைக்கும் அல்லது யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் இருபது, முப்பது பக்கப் புத்தகம். அதைப் படிப்பவர் பெரும்பாலும் தனியாகப் படிக்கிறார். படிக்கும் நேரத்திலேயே அவருக்கு மனசு சரியில்லை. கீழே வரும் எல்லாப் பதில்களும் அந்த ஒருவரை மனதில் வைத்துச் சொன்னவை.

டிப்ரெஷனுக்கு 'மன அழுத்தம்' போடுவதா, 'மனச்சோர்வு' போடுவதா? பேப்பரில் இரண்டும் வருகிறதே?

'மனச்சோர்வு' போடுங்கள். 'மன அழுத்தம்' என்பதை ஸ்ட்ரெஸ்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் 'மன அழுத்தம்' இரண்டுக்கும் புழங்குவது உண்மைதான். செய்தியில் அதனால் பெரிய கேடு இல்லை. கையேட்டில் உண்டு. மூன்றாம் பக்கத்தில், 'தேர்வு நேரத்தில் மன அழுத்தம் வருவது இயல்பு, எல்லோருக்கும் வரும்' என்று எழுதியிருப்பீர்கள். ஏழாம் பக்கத்தில், 'மன அழுத்தம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்' என்று எழுதியிருப்பீர்கள். ஆங்கிலத்தில் இவை இரண்டு வேறு சொற்கள். தமிழில் ஒரே சொல்லாகிவிட்டால், மூன்றாம் பக்கத்தைப் படித்தவர் 'இது எல்லோருக்கும் வருவதுதானே' என்று ஏழாம் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

'மனச்சோர்வு' என்ற சொல்லிலும் ஒரு குறை இருக்கிறது. சோர்வு என்றால் களைப்பு. வேலை முடிந்து வந்தவருக்கும் சோர்வுதான். எனவே முதல் முறை வரும் இடத்தில் அதை விளக்காமல் விடாதீர்கள். 'பலரும் டிப்ரெஷன் என்று சொல்லும் மனச்சோர்வு, ஒரு நாள் அலுப்பு இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் பாரமாகவே இருப்பது; எதிலும் பிடிப்பில்லாமல் போவது' என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அப்புறம் புத்தகம் முழுக்க அந்தச் சொல்லே போதும். 'டிப்ரெஷன்' என்ற சொல்லைத் தமிழ் எழுத்தில் ஒரு முறை சேர்ப்பதில் கூச்சப்பட வேண்டாம். கல்லூரி மாணவர்கள் தேடுவதும் சொல்வதும் அந்தச் சொல்லைத்தான்.

இன்னொன்று. நம் ஊரில் மனச்சோர்வு உள்ள பலர் 'சோகமாக இருக்கிறது' என்று மருத்துவரிடம் போவதில்லை. 'தலை பாரமா இருக்கு', 'உடம்பெல்லாம் அசதி', 'நெஞ்சை அடைக்குது', 'ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது' என்றுதான் போகிறார்கள். ஆங்கில மூலத்தில் சோகம் முதலிலும் உடல் அறிகுறிகள் கடைசியிலும் இருந்தால், மூல ஆசிரியரிடம் கேட்டுவிட்டு உடல் அறிகுறிகளை மேலே கொண்டுவாருங்கள். அதைப் படிக்கும்போதுதான் 'இது என்னைப் பற்றியது' என்று அவருக்குத் தெரியும்.

'மனநோய்', 'மனநோயாளி' எல்லாம் வேண்டாம் என்கிறார்கள். அப்போ இதை நோய் என்றே சொல்லக் கூடாதா?

சொல்லலாம். ஆனால் அந்தச் சொல்லை ஆள்மீது ஒட்டக் கூடாது. 'மனநோயாளி' என்று எழுதினால் ஒரு மனிதர் முழுவதும் நோயாகிவிடுகிறார். 'மனச்சோர்வு உள்ளவர்', 'மனச்சோர்வோடு இருப்பவர்' என்று எழுதினால் அவர் வேறு, அது வேறு என்று நிற்கிறது. 'பாதிக்கப்பட்டவர்' என்பது நாகரிகமான சொல்தான், ஆனால் விபத்து, வெள்ளம், வன்கொடுமை என எல்லாவற்றுக்கும் அதையே சொல்கிறோம். வரிக்கு வரி வந்தால் வாசகர் தன்னை ஒரு பாவப்பட்ட ஜீவனாகப் பார்க்கத் தொடங்குவார். ஓரிரு இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

'மனநலம் குன்றியவர்', 'மனவளர்ச்சி குன்றியவர்' என்பவை வேறு பொருள் தருபவை. அறிவுசார் குறைபாட்டைச் சொல்ல வழங்கிய சொற்கள் அவை. மனச்சோர்வுக்கு அவற்றைப் போடுவது இரண்டு தரப்புக்கும் அநியாயம்.

மென்மையாக்குகிறேன் என்று 'நரம்புத் தளர்ச்சி' பக்கம் போய்விடாதீர்கள். மனம் என்ற சொல்லைத் தவிர்க்க நினைப்பவர்கள் முதலில் எட்டிப் பிடிப்பது இதைத்தான். தமிழ்நாட்டில் சுவரிலும் பேருந்து நிலையத்திலும் 'நரம்புத் தளர்ச்சி' என்று ஒட்டியிருக்கும் விளம்பரங்கள் எதற்கானவை என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வெட்கத்தை மறைக்கப் போய் இன்னொரு வெட்கத்தைக் கொண்டுவந்து வைத்ததாகிவிடும். தவிர, நரம்பு டாக்டரைத் தேடி அலைய வைத்து, கிடைக்க வேண்டிய சிகிச்சையையும் தள்ளிப்போட்டுவிடும்.

சிகிச்சை பற்றி எழுதும்போது தயங்கவே வேண்டாம். 'இது மருத்துவம் பார்த்துச் சரிசெய்யக் கூடியது' என்ற வரி மென்மையானது, உண்மையும்கூட. இதை மழுப்பினால் 'மனசை நீதான் தேற்றிக்கணும்' என்று வீட்டில் சொல்வதையே நாமும் சொன்னதாகும்.

எங்கே போவது என்ற பக்கத்திலும் ஒரு கவனம் வேண்டும். சென்னைக்காரர்களுக்குக் 'கீழ்ப்பாக்கம்' என்பது வெறும் ஊர்ப்பெயர் இல்லை. 1794-இல் வேர்விட்ட மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால், அந்தப் பெயரையே வசவாக்கிவிட்டார்கள். நல்ல மருத்துவமனை என்றாலும் பட்டியலில் அதை முதலில் வைத்தால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார். அவருடைய மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை முதலில் கொடுங்கள். புறநோயாளிச் சீட்டு எந்த அறைக்கு என்றுகூட எழுத முடிந்தால் இன்னும் நல்லது.

'நான் ஒன்றுக்கும் உதவாதவன்' மாதிரி வரிகள் வருகின்றன. படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. இவற்றையும் மென்மையாக்கலாமா?

வேண்டாம். அந்த எண்ணம் உள்ளவருக்கு அது அவ்வளவு கடுமையாகத்தான் கேட்கிறது. 'சுயமதிப்புக் குறைவான எண்ணங்கள்' என்று பூசி மெழுகினால், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்றே அவருக்குத் தெரியாது. 'நான் எதற்கும் லாயக்கில்லை', 'நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்' என்று அவர் மனதில் ஓடும் வார்த்தைகளையே எழுதுங்கள்.

மென்மை இருக்க வேண்டிய இடம், அந்த வரி யார் குரலில் வருகிறது என்பதில். மேற்கோள் குறிக்குள், தன்மையில், 'என்று தோன்றலாம்' என்று முடித்தால் அது அவர் மனதில் வந்துபோகும் எண்ணம். அதே சொல்லைக் கையேடு தன் குரலில், 'தகுதியற்றவராக உணர்வார்கள்' என்று சொன்னால் தீர்ப்பு மாதிரி விழும்.

தமிழ் இலக்கணமே இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. ஆங்கிலத்தில் ஆள் எழுவாயாக நிற்கிறார், உணர்வு அவரோடு ஒட்டிக்கொள்கிறது. தமிழில் உணர்வு ஆளுக்கு வருகிறது: எனக்குக் கவலையாக இருக்கிறது, அவளுக்கு அழுகை வந்தது, அவருக்குப் பயமாக இருந்தது. பசி, தூக்கம், காய்ச்சல் எல்லாவற்றையும் நாம் இப்படித்தான் சொல்கிறோம். வந்தது போகும் என்பது அந்த அமைப்பிலேயே இருக்கிறது. 'நான் மனச்சோர்வுற்று இருக்கிறேன்', 'நான் பதற்றமானவன்' என்று ஆங்கில எழுவாயை இழுத்துவந்து வைக்கும்போது இந்த நல்ல விஷயத்தை நாமே தூக்கிப் போட்டுவிடுகிறோம். 'எனக்கு மனச்சோர்வு வந்திருக்கிறது', 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்று எழுதுங்கள். 'உணர்கிறேன்' என்ற வினை வரும் இடங்களை எல்லாம் ஒரு முறை தேடிப் பாருங்கள். 'தனிமையாக உணர்கிறேன்' என்று யாரும் பேசுவதில்லை. 'தனியா இருக்கிற மாதிரி இருக்கு', 'யாருமே இல்லாத மாதிரி இருக்கு' என்பார்கள். அப்படி மாற்றினால் பக்கமே தமிழாகிவிடும்.

குற்ற உணர்வு, வெட்கம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. எப்படிப் பிரிப்பது?

'குற்ற உணர்வு' எழுத்தில் நிலைத்துவிட்ட சொல். படித்தவர்கள் சிக்கலில்லாமல் எடுத்துக்கொள்வார்கள். எல்லோருக்குமான கையேடு என்றால், 'என்னால்தான் எல்லாம் இப்படி ஆச்சு என்ற உறுத்தல்' என்று விரித்து எழுதுவது நல்லது. குற்றம் என்ற சொல் போலீஸையும் கோர்ட்டையும் நினைவூட்டும், உறுத்தல் மனதுக்குள்ளேயே இருக்கும்.

'வெட்கம்' என்று மட்டும் எழுதினால் கல்யாணப் பெண் தலை குனிவதும் நினைவுக்கு வரும். 'அவமானம்' என்றால் வேறு யாரோ செய்தது போலாகும். தன்னைப் பற்றியே கூசிப்போவதைச் சொல்ல 'யார் முகத்திலும் முழிக்க முடியாத மாதிரி இருப்பது' என்ற வழக்கு இருக்கிறது. நீளம்தான், ஆனால் விளக்கம் தேவைப்படாது.

ஆங்சைட்டிக்கு எல்லோருக்கும் புரியும்படி 'டென்ஷன்' என்றே போட்டுவிடலாமா?

புரியும், ஆனால் வேறு மாதிரி புரியும். 'அவர் டென்ஷன் ஆகிட்டார்' என்றால் தமிழில் பெரும்பாலும் கோபப்பட்டார் என்றுதான் பொருள். 'டென்ஷனைக் குறைக்க' என்று தலைப்பிட்டால் கோபத்தைக் குறைக்கும் அத்தியாயம் என்று நினைப்பார்கள். 'பதற்றம்' போடுங்கள். பேச்சில் 'பதட்டம்' என்பார்கள். எழுத்தில் பதற்றம் என்று இருந்தாலும் யாருக்கும் இடறாது.

பேனிக் அட்டாக்கில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 'பீதித் தாக்குதல்' என்று எழுதினால் குண்டு வெடித்த செய்தி போல இருக்கிறது. 'அட்டாக்' என்று மட்டும் எழுதினால் நம் ஊரில் அது மாரடைப்புதான். ஏற்கெனவே நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோமோ என்று பயந்து போனவருக்கு அந்தச் சொல்லைக் கொடுக்கவே கூடாது. 'திடீரென்று எழும் கடும் பதற்றம்' என்று சொல்லி, 'நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், மூச்சு முட்டுவது போல இருக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் மெல்ல இறங்கிவிடும்' என்று சேர்த்து எழுதுங்கள். கூடவே, முதல் முறை வருபவர்கள் இதயத்தில் பிரச்சினை இல்லை என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்ற வரியும் இருக்கட்டும். ஆறுதல் சொல்கிறேன் என்று 'இது வெறும் பதற்றம்தான்' என்று எழுதி நிஜமான நெஞ்சுவலியை அசட்டை செய்ய வைத்துவிடக் கூடாது.

அட்டையில் 'சுய உதவிக் கையேடு' என்று போட்டிருக்கிறோம். சரிதானே?

தமிழ்நாட்டில் 'சுய உதவி' என்றதும் அடுத்த சொல் 'குழு'. மகளிர் குழு, சேமிப்பு, கடன், வாராந்திரக் கூட்டம். கிராமத்தில் இந்தப் புத்தகத்தைக் கொடுத்தால் வங்கிக் கடன் பற்றியது என்று நினைக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது. 'மனம் சோர்ந்திருக்கும்போது நாமே செய்து பார்க்கக் கூடியவை' என்பது போல உள்ளே இருப்பதை அப்படியே சொல்லும் தலைப்பு நல்லது.

அட்டை மேல் என்ன பெரிதாகத் தெரிகிறது என்பதையும் பாருங்கள். 'மனநோய்' என்ற சொல் பெரிய எழுத்தில் இருந்தால் அந்தப் புத்தகத்தைப் பேருந்தில் பிரிக்க மாட்டார்கள், வீட்டில் மேசைமேல் வைக்க மாட்டார்கள்.

மைண்ட்ஃபுல்னெஸ்ஸுக்கு என்ன சொல்?

எனக்குப் பிடித்த பதில்: சொல்லே வேண்டாம். 'நினைவாற்றல்' என்றால் ஞாபகசக்தி. 'விழிப்புணர்வு' என்றால் டெங்கு விழிப்புணர்வு முகாம். 'தியானம்' என்றால் சிலருக்கு அது வேறு மதத்துக் காரியம். பயிற்சி என்ன கேட்கிறதோ அதை எழுதுங்கள்: 'இப்போது காதில் என்னென்ன சத்தம் விழுகிறது என்று கவனியுங்கள். கால் தரையில் படுவதைக் கவனியுங்கள்.' இதைச் செய்ய அவருக்குப் பெயர் தேவையில்லை.

எங்கள் வரைவில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் படித்தவர்கள் 'கவர்ன்மென்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கு' என்கிறார்கள். என்ன செய்வது?

ஒரு பத்தியை எடுத்து வேலை செய்து பார்ப்போம். இப்படிப்பட்ட எல்லாக் கையேட்டிலும் இருக்கும் பத்திதான்: மனம் சோர்ந்தால் செயல் குறையும், செயல் குறைந்தால் மனம் இன்னும் சோரும், எனவே சிறிதாக ஒன்றைத் தொடங்கு. முதல் வரைவு வழக்கமாக இப்படி இருக்கும்:

'மனச்சோர்வால் பாதிக்கப்பட்ட நபர்கள் தங்களது அன்றாட நடவடிக்கைகளில் ஈடுபாட்டை இழக்கின்றனர். செயலின்மை மனச்சோர்வை மேலும் அதிகரிக்கச் செய்கிறது. இந்த விஷச் சுழற்சியை உடைக்க, நீங்கள் தினமும் மகிழ்ச்சியளிக்கும் செயல்பாடுகளில் ஈடுபட வேண்டும்.'

முதல் வாக்கியத்தில் 'நபர்கள்' யாரோ மூன்றாம் மனிதர்கள். படிப்பவர் அதில் இல்லை. மூன்றாம் வாக்கியத்தில் திடீரென்று 'நீங்கள்' வருகிறது, அதுவும் 'வேண்டும்' என்ற கட்டளையோடு. விளக்கும்போது விலகி நின்று, வேலை வாங்கும்போது மட்டும் அருகில் வருகிறோம். 'விஷச் சுழற்சி' ஆங்கில மரபுத்தொடரின் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. விஷம் என்ற சொல் இந்தப் புத்தகத்தில் எங்குமே வரக் கூடாது என்பேன். 'மகிழ்ச்சியளிக்கும் செயல்பாடு' என்பதோ, எதிலும் மகிழ்ச்சி இல்லை என்பதுதான் பிரச்சினை என்று வந்தவரிடம் மகிழ்ச்சியைக் கொண்டுவா என்று கேட்பது. திருத்திய வடிவம்:

'மனம் சோர்ந்திருக்கும்போது, முன்பு ஆசையாகச் செய்த வேலைகூடப் பெரிய சுமையாகத் தெரியும். அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவோம். தள்ளிப்போடப் போட நாள் வெறுமையாகும், மனம் இன்னும் சோர்ந்துபோகும். அடுத்த வேலையைத் தொடவும் மனசு வராது. இது சோம்பல் இல்லை. மனச்சோர்வு வந்தால் இப்படித்தான் ஆகும். இன்று சின்னதாக ஒன்றைச் செய்து பார்க்கலாம். மனசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. குளித்துவிட்டு ஐந்து நிமிடம் வெளிச்சத்தில் உட்கார்ந்தாலும் அதுவும் ஒரு வேலைதான்.'

நீளம் கூடிவிட்டது, பரவாயில்லை. 'தள்ளிப்போடுவோம்' என்ற இடத்தில் எழுதுபவரும் சேர்ந்துகொள்கிறார். இது யாருக்கும் நடப்பது என்பதால் அந்தப் பன்மை பொருந்துகிறது. ஆனால் சாக வேண்டும் போலத் தோன்றுவது போன்ற கடுமையான இடங்களில் 'நாம்' போடாதீர்கள். அங்கே அது போலியாகக் கேட்கும், 'உங்களுக்கு' என்றே எழுதுங்கள். 'வேண்டும்' என்று முடியும் அறிவுரைகளை 'லாம்', 'பாருங்கள்' என்று மாற்றினாலே பாதிச் சுமை இறங்கும். 'தவறாமல்', 'கட்டாயம்' என்பவற்றை மாத்திரை விஷயத்துக்கும் ஆபத்து நேரத்துக்கும் மட்டும் ஒதுக்கிவையுங்கள். அப்போதுதான் அங்கே அவற்றுக்குப் பலம் இருக்கும்.

'இது சோம்பல் இல்லை' என்ற வரி மூலத்தில் இல்லை. நம் வீடுகளில் மனச்சோர்வு உள்ளவர் முதலில் கேட்கும் சொல் 'சோம்பேறி' என்பதால்தான் அதைச் சேர்த்தேன். இப்படிச் சேர்ப்பவற்றைத் தனியாக ஒரு தாளில் குறித்து, மூல ஆசிரியரிடமும் ஒரு மனநல மருத்துவரிடமும் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். 'கவலைப்படாதீர்கள்', 'தைரியமாக இருங்கள்', 'நல்லதே நினையுங்கள்' என்பவற்றை மட்டும் மூலத்தில் இல்லாமல் சேர்த்துவிடாதீர்கள். கை தானாகவே எழுதிவிடும். அவருக்கு எல்லோரும் ஏற்கெனவே சொல்லிச் சொல்லி, அவரால் முடியாமல் போனவை அவை.

கையேட்டின் நடுவில் பி.எச்.க்யூ-9 கேள்விகள் இருக்கின்றன. அவற்றையும் இதே போல எளிமையாக்கலாமா?

கூடாது. மனச்சோர்வு எவ்வளவு என்று அளக்கும் கேள்வித்தாள் அது. ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்று சொல்வதெல்லாம் அந்தச் சொற்களை வைத்துச் சோதித்துப் பார்த்ததால் வந்தவை. சொல்லை மாற்றினால் எண்ணுக்குப் பொருள் போய்விடும். ஏற்கெனவே வெளியாகியிருக்கும் தமிழ் வடிவத்தை எடுத்து அப்படியே பயன்படுத்துங்கள். இந்தக் கேள்வித்தாளை எடுத்தாள அனுமதியோ கட்டணமோ தேவையில்லை.

நீங்களே மொழிபெயர்த்தால் எப்படிக் கெடும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். விடைகளில் 1-க்கு உரியது ஆங்கிலத்தில் ஏதோ சில நாட்கள் என்ற அளவு. 2-க்கு உரியது பாதிக்கு மேற்பட்ட நாட்கள். முதலாவதைப் 'பல நாட்கள்' என்று தமிழாக்கினால், அது பாதிக்கு மேல் என்பதைவிட அதிகமாகக் கேட்கிறது. நிறைய நாள் தூக்கம் வராதவர் 'பல நாட்கள்' என்பதில் குறியிட்டு 1 வாங்குவார், வாங்க வேண்டியது 2. ஒன்பது கேள்வியிலும் இப்படி நடந்தால் உதவி தேவைப்படுபவருக்கு 'லேசானது' என்று விடை வரும். அதே போல முதல் கேள்வியில் 'இன்பம்' என்று போட்டால் சிலர் அதைத் தாம்பத்தியம் பற்றிய கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்லாமல் விடுவார்கள்.

தற்கொலை என்ற சொல்லைத் தவிர்க்கச் சொல்கிறார் எங்கள் ஒருங்கிணைப்பாளர். 'தவறான முடிவு' என்று போடச் சொல்கிறார். உங்கள் கருத்து?

அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் இந்த ஒரு இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மென்மை வேறு, மங்கல் வேறு. இங்கே மங்கலாக எழுதுவது ஆபத்து.

நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்பது இந்தத் துறையில் உறுதியாகத் தெரிந்த விஷயம். கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஒரு விடுதலைதான் கிடைக்கிறது, ஒருவராவது வாய்விட்டுக் கேட்டாரே என்று.

'தவறான முடிவு', 'விபரீத முடிவு' என்பவை செய்தித்தாள் வழக்கு. அவற்றில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணத்தோடு இருப்பவர் தான் தப்பு செய்கிறோம் என்று இன்னும் மூடிக்கொள்வார். 'கோழைத்தனம்' பற்றிச் சொல்லவே வேண்டாம். 'முயற்சி தோல்வி' என்றும் எழுதாதீர்கள், பிழைத்ததைத் தோல்வி என்று சொல்லக் கூடாது. 'தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தவர்' என்று எழுதுங்கள். காலமானவரைப் பற்றியானால் 'தற்கொலையால் இறந்தவர்' என்பது போதும்.

கேள்வியைப் படிப்படியாக அமைப்பதில் மென்மையைக் காட்டலாம். பேச்சில் 'ஏதாவது பண்ணிக்கலாம்னு தோணுதா?' என்று கேட்பது நம் வழக்கம். கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் புரியும், ஆனால் எழுத்தில் அது நழுவிவிடும். இன்னொரு பக்கம், 'செத்துடலாம் போல இருக்கு' என்று வெயிலுக்கும் டிராஃபிக்குக்கும்கூடச் சொல்கிறோம். எனவே நான் இந்த வரிசையில் எழுதுவேன்:

'சில நேரம், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றலாம். உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்கிறதா? தூங்கி எழுந்திருக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்ததுண்டா? தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா?'

மூன்றாம் கேள்வியில் அந்தச் சொல் கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கு 'ஆமாம்' என்பவருக்கு அடுத்த பக்கத்தைப் புரட்ட வைக்காமல் அங்கேயே எண்ணைக் கொடுங்கள். இந்தியா என்றால் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். இலங்கை என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. 'இந்த எண்ணம் இப்போது பலமாக இருந்தால் தனியாக இருக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரைக் கூடவே இருக்கச் சொல்லுங்கள்' என்ற வரியும் அங்கேயே வர வேண்டும். எந்த முறையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டாம், மூலத்தில் இருந்தாலும்.

வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று இன்னும் பலர் பயந்து பேசாமல் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு வாசகருக்கான பதிப்பில் இதற்கு ஒரு வரி இடம் கொடுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. முன்பு இதைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை.

ஒரே பதிப்பு தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் போதுமா?

சின்னக் கையேடு என்றாலும் இரண்டு பதிப்பாகப் போடுவது நல்லது. கலைச்சொற்கள் வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே உளநலம், இங்கே மனநலம். அங்கே உளவளத்துணை, இங்கே மனநல ஆலோசனை. கொடிய அனுபவம் மனதில் விட்டுப்போகும் காயமான ட்ராமாவுக்கு 'மனவடு' என்ற அழகான சொல் அங்கே புழங்குகிறது, இங்கே அது இன்னும் பரவவில்லை.

தெரியாமல் மாட்டிக்கொள்வது அன்றாடச் சொற்களில். யாழ்ப்பாணத்தில் 'யோசிக்காதேங்கோ' என்றால் கவலைப்படாதீர்கள் என்று பொருள். 'ஒரே யோசனையாக் கிடக்கு' என்பது மனசு ஒன்றையே பிடித்துக்கொண்டு உழல்வது. தமிழ்நாட்டுப் பதிப்பில் சாதாரணமாக 'யோசித்துப் பாருங்கள்' என்று பத்து இடத்தில் இருக்கும். அது ஈழத்து வாசகருக்குத் தப்பாகப் புரியாது என்றாலும், அவருடைய மனநிலைக்கு மிகச் சரியான சொல்லை வேறெதற்கோ செலவழித்ததாக ஆகும். கவலை பற்றிய அத்தியாயத்தை அங்கே 'யோசனை' என்றே தொடங்கலாம். அதே போல, பைத்தியம் என்று பொருள் தரும் 'விசர்' என்ற சொல் எவ்வளவு காயப்படுத்தும் என்பது சென்னையில் இருந்து சரிபார்ப்பவருக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரர் ஒருவர் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

பின்மொழிபெயர்ப்பு செய்து பார்த்தோம். ஆங்கிலம் சரியாக வந்துவிட்டது. இனி அச்சுக்குக் கொடுக்கலாமா?

இன்னும் ஒரு படி இருக்கிறது. தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்ப்பது, பொருள் விடுபட்டதா என்று காட்டும். தொனியைக் காட்டாது. 'மதிப்பற்றவராக உணர்தல்' என்று விறைப்பாக எழுதியிருந்தால் அது திரும்ப ஆங்கிலமாவது மிகச் சுலபம், ஏனென்றால் அது ஆங்கிலத்தின் அச்சுதான். 'யாருமே இல்லாத மாதிரி இருக்கு' என்று நன்றாக எழுதியிருந்தால் ஆங்கிலத்தில் கொஞ்சம் விலகித் தெரியும். அந்தச் சோதனையை மட்டும் நம்பினால் நல்ல வரிகளைத்தான் வெட்டுவீர்கள்.

ஐந்தாறு வாசகர்களோடு உட்காருங்கள். ஒருவர் பின் ஒருவராக, தனித்தனியாக. மனச்சோர்விலிருந்து மீண்ட ஒருவரேனும், பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஒருவரேனும் அதில் இருக்கட்டும். இப்போது கடும் சோர்வில் இருப்பவரைச் சோதனைக்கு அழைக்க வேண்டாம். உட்காரும் அறைக்குப் பக்கத்தில் ஓர் ஆலோசகர் இருப்பது நல்லது. ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லி, 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். 'இதை உங்கள் தங்கச்சிக்கு ஃபோனில் சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அடுத்த வரைவுக்கான பாதி வேலை அதில் முடிந்திருக்கும்.

அப்புறம், 'இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது மாமியாரோ மேனேஜரோ பின்னால் வந்து நின்றால் மூடிவிடுவீர்களா?' என்று கேளுங்கள். எந்தச் சொல்லைப் பார்த்து மூடுவார் என்று அவரே விரல் வைத்துக் காட்டுவார். படிக்கும்போது அவர் எங்கே நிற்கிறார், எந்த வரியை இரண்டாம் முறை படிக்கிறார் என்றும் பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு பேர் நின்றால் அந்த வரியை மாற்றுங்கள். மாற்றிய வரியைப் பழையதைப் பார்க்காத ஒருவரிடம் மறுபடி கொடுங்கள். அச்சுக்குப் போகும் நாளன்று, புத்தகத்தில் உள்ள தொலைபேசி எண்கள் ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் அழைத்துப் பார்த்து, எடுக்கிறார்களா, தமிழில் பேசுகிறார்களா என்று உறுதி செய்யட்டும்.